எரியாமல் எஞ்சிய கரிமம்

திருவண்ணாமலையை அடுத்த வேங்கிக்காலில் செம்மண் நிலத்தில் நிலக்கடலை பயிரிடும் உழவர் ஒருவர், தம் மண்ணை இரண்டு ஆய்வகங்களில் கொடுத்தார் எனக் கொள்வோம். ஒன்றின் அறிக்கையில் அங்ககக் கரிமம் 0.42 விழுக்காடு, மற்றொன்றில் 0.55. நம் நாட்டு மண்ணாய்வு வழக்கில் 0.5க்குக் கீழ் இருப்பது ‘குறைவு’, 0.5 முதல் 0.75 வரை ‘நடுத்தரம்’. தழைச்சத்து உர அளவு இவ்வகைப்பாட்டைக் கொண்டே முடிவாகிறது. இருப்பினும், இரண்டு ஆய்வகங்களும் சோதனையில் தவறு செய்யவில்லை.

இரண்டும் கையாண்டது, வாக்லி, பிளாக் ஆகியோர் 1934இல் வெளியிட்ட ஈர ஆக்சிஜனேற்ற முறையே. நன்கு பொடித்துச் சலித்த 1 கிராம் மண்ணைக் கூம்புக் குடுவையில் இட்டு, 1 நார்மல் பொட்டாசியம் டைகுரோமேட்டுக் கரைசல் 10 மி.லி. சேர்ப்பர். பின்பு அடர் கந்தக அமிலம் 20 மி.லி. ஊற்றுவர். அமிலம் நீரோடு கலக்கும்போது எழும் வெப்பமே இங்கு அடுப்பு. வேறு சூடேற்றல் இல்லை. அரைமணி நேரத்தில் டைகுரோமேட்டின் ஒரு பகுதி கரிமத்தை ஆக்சிஜனேற்றித் தான் செலவாகிறது. ஆரஞ்சு நிறம் முற்றிலும் பச்சையாகிவிட்டால் டைகுரோமேட்டு தீர்ந்துவிட்டது என்பது பொருள். மண்ணின் அளவைக் குறைத்து மீண்டும் செய்தல் வேண்டும்.

எஞ்சிய டைகுரோமேட்டை அளப்பதே அடுத்த வேலை. நீரும் பாஸ்பாரிக் அமிலமும் சேர்த்து, டைபீனைலமைன் நிறங்காட்டி இட்டு, 0.5 நார்மல் பெர்ரஸ் அம்மோனியம் சல்பேட்டால் தரம்பார்ப்பர். கருநீலம் பளிச்சென்று பச்சையாக மாறும் துளியே முடிவுநிலை. மண் இல்லாத வெற்றுச் சோதனையையும் அன்றே செய்தல் வேண்டும். பெர்ரஸ் கரைசல் காற்றுபட்டு நாள்தோறும் வலுவிழப்பதால் நேற்றைய அளவு இன்றைக்கு உதவாது.

நம் மண்ணுக்கு வருவோம். வெற்றுச் சோதனைக்கு 20.0 மி.லி., மண்ணுக்கு 17.2 மி.லி. செலவாயின. வேறுபாடு 2.8 மி.லி.; அதை 0.5ஆல் பெருக்க 1.4 மில்லிச் சமானம். ஒரு மில்லிச் சமானத்துக்கு 0.003 கிராம் கரிமம் என்பதால் கிடைப்பது 0.0042 கிராம், அதாவது 0.42 விழுக்காடு.

ஆனால் அந்த வெப்பம் எல்லாக் கரிமத்தையும் எரிக்கப் போதாது. சராசரியாக 77 விழுக்காடே ஆக்சிஜனேற்றம் அடைகிறது. 100ஐ 77ஆல் வகுத்தால் 1.3, 0.42ஐ அதனால் பெருக்கினால் 0.55. முதல் ஆய்வகம் பெருக்காமல் விட்டது; இரண்டாவது பெருக்கியது. அறிக்கையில் அதைக் குறிப்பிடாததே குழப்பத்தின் வேர்.

அந்த 1.3 எல்லா மண்ணுக்கும் பொருந்துவதன்று. தாள் எரித்த வயலின் கரித்துண்டுகள் டைகுரோமேட்டுக்கு எளிதில் இணங்குவதில்லை. எனவே, சில மாதிரிகளை உயர்வெப்ப உலையில் முழுதும் எரித்து, வெளிவரும் கார்பன் டைஆக்சைடை அளந்து ஒப்பிடுவர். சுண்ணாம்பு மண்ணாயின் கார்பனேட்டின் பங்கைக் கழித்துவிட வேண்டும். உலையில் 0.56 கிடைத்திருந்தால் இம்மண்ணின் மீட்பு 75 விழுக்காடு. அதற்குரிய காரணி 1.33.