சதவீதம் குறைந்தால் பங்கு விற்கப்பட்டதா?

யெஸ் பேங்கில் ஸ்டேட் பேங்கின் பங்கு 2020 மார்ச்சில் 48.2 சதவீதம், அந்த ஆண்டு ஜூலைக்குப் பின் 30. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர் ஸ்டேட் பேங்க் விற்றுவிட்டது என்றுதான் நினைப்பார். உண்மையில் அது வாங்கியிருந்தது. ஆகவே வெவ்வேறு தேதிகளின் அறிக்கைகளை ஒப்பிடும்போது சதவீதத்தைப் பிறகு பாருங்கள். காலாண்டுப் பங்குடைமை அறிக்கையிலிருந்து உரிமையாளர் வைத்திருக்கும் பங்குகள், நிறுவனத்தின் மொத்தப் பங்குகள் ஆகிய இரண்டு எண்ணிக்கைகளை எடுத்து, எந்தத் தேதி நிலவரம் என்பதோடு குறித்துக்கொள்ளுங்கள். இடையில் போனஸோ பங்குப் பிரிப்போ நடந்திருந்தால், பழைய எண்ணிக்கைகளை அதே விகிதத்தில் பெருக்கிச் சரிசெய்துவிட வேண்டும்.

அடுத்து, பழைய பங்குகளைப் புதிய மொத்தத்தால் வகுங்கள். மார்ச்சில் ஸ்டேட் பேங்கிடம் 605 கோடி பங்குகள், மொத்தம் சுமார் 1,255 கோடி. ஜூலையில் 12 ரூபாய் விலையில் நடந்த பொது வெளியீட்டுக்குப் பின் மொத்தம் சுமார் 2,505 கோடி. ஸ்டேட் பேங்க் எதுவும் செய்யாமல் இருந்திருந்தால் 605-ஐ 2,505-ஆல் வகுக்க 24.15 சதவீதமே மிஞ்சியிருக்கும். 48.2-க்கும் இதற்கும் உள்ள இடைவெளி நீர்த்துப்போனது. 24.15-க்கும் 30-க்கும் உள்ள இடைவெளி, அது வெளியீட்டில் ஏறத்தாழ 147 கோடி பங்குகளை வாங்கியதால் மீண்டது. 2022-இல் கார்லைல், அட்வென்ட் குழுமங்களுக்குப் புதிய பங்குகள் ஒதுக்கப்பட்டபோது ஸ்டேட் பேங்கின் 751.67 கோடி பங்குகள் அப்படியே இருக்க, சதவீதம் 26 அளவுக்கு இறங்கியது. பின்னர் மொத்தம் 3,135 கோடியாக உயர்ந்தபோது 24-ஐத் தொட்டது. அதன் கையிலிருந்து ஒரு பங்கும் போகவில்லை. 2025-இல் ஜப்பானின் சுமிட்டோமோ மிட்சுயி வங்கிக்கு 413.44 கோடி பங்குகளை விற்றபோதுதான் எண்ணிக்கை குறைந்து, சதவீதம் 11-க்குக் கீழே போனது.

வாக்கின் வலிமை சதவீதத்தில்தானே இருக்கிறது, எண்ணிக்கை எதற்கு என்று கேட்கலாம். வலிமையை அளக்கச் சதவீதமே போதும். சிறப்புத் தீர்மானத்தைத் தடுக்க முடியுமா என்பதை அதுதான் சொல்லும். ஆனால் உரிமையாளர் வாங்கினாரா, விற்றாரா, சும்மா இருந்தாரா என்பதை எண்ணிக்கை மட்டுமே காட்டும். முதல் அறிக்கையையும் கடைசி அறிக்கையையும் மட்டும் எடுத்து 48-இலிருந்து 11 என்று கழித்தால் இடையில் வாங்கியதும் மறைந்துவிடும். அதனால் மொத்தப் பங்கு மாறிய ஒவ்வொரு கட்டத்திலும் தனியாகக் கணக்கிடுங்கள்.

வெளியீடும் விற்பனையும் ஒரே காலாண்டில் நேர்ந்தால் எது முந்தியது என்பதற்கேற்ப இரண்டின் பங்களிப்பும் மாறும். அப்போது காலாண்டு அறிக்கை போதாது. 5 சதவீதமோ அதற்கு மேலோ வைத்திருப்பவரின் பங்கில் 2 சதவீதத்துக்கு மேல் மாற்றம் வந்தால் செபி விதிப்படி வெளியாகும் அறிவிப்பில் தேதியைத் தேடுங்கள். கடைசியாக ஒன்று: மாற்றத்தக்க வாரண்டுகள் எல்லாம் பங்குகளாகிவிட்டதாக வைத்துக் கணக்கிட்ட சதவீதம் அறிக்கையில் தனிப் பத்தியாக இருக்கும். ஒரு தேதிக்கு அதையும் மறு தேதிக்குச் சாதாரணப் பத்தியையும் எடுத்தால், நடக்காத நீர்த்தல் நடந்ததாகத் தெரியும்.