போனின் இரண்டு சாவிகள்

வீட்டுக்கு வருபவர்களை நாம் முன்னறையில் இருத்துகிறோம். சமையலறைக்குள் வர நெருங்கிய உறவினருக்கே உரிமை உண்டு. அலுமாரிச் சாவியோ உம்மாவின் கையில் மட்டுமே இருக்கும். கைத்தொலைபேசியில் நாம் பதிவிறக்கும் செயலிகளுக்கும் இதே போன்ற வேறுபாடுகள் உண்டு. ஒரு செயலி கமெராவைக் கேட்கும், இன்னொன்று தொடர்பு இலக்கங்களைக் கேட்கும். இவை முன்னறை அனுமதிகள். அலுமாரிச் சாவிக்கு ஒப்பான அனுமதிகள் அன்ட்ரொயிட் போன்களில் இரண்டு உள்ளன. அவை யாரிடம் இருக்கின்றன என்று பார்க்கப் பத்து நிமிடங்கள் போதும். ஆனால் அந்தப் பக்கங்களைத் திறந்தே பார்க்காதவர்கள்தான் நம்மில் அதிகம்.

சாவிகள் எவை?

முதலாவது சாவி, திரையில் Accessibility என்ற பெயரில் இருக்கும். இது நல்ல நோக்கத்துக்காக உருவானது. பார்வைக் குறைபாடு உள்ளவர் போனைப் பயன்படுத்த வேண்டுமானால், திரையில் என்ன எழுதியிருக்கிறது என்பதை ஒரு செயலி வாசித்துச் சொல்ல வேண்டும். கை நடுங்குபவருக்காக அதே செயலி பொத்தானை அழுத்தியும் கொடுக்க வேண்டும். எனவே இந்த அனுமதி பெற்ற செயலியால் மற்றச் செயலிகளின் திரையை வாசிக்கவும் அவற்றின் பொத்தான்களை அழுத்தவும் முடியும். அது கெட்டவனின் கையில் கிடைத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். நாம் தட்டச்சு செய்யும் வங்கிக் கடவுச்சொல்லை அவன் வாசிப்பான். குறுஞ்செய்தியில் வரும் இரகசிய இலக்கத்தையும் வாசிப்பான். பணத்தை அனுப்பும் பொத்தானை அவனே அழுத்துவான்.

இரண்டாவது சாவி Device admin apps என்ற பக்கத்தில் இருக்கிறது. நிறுவனங்கள் தம் ஊழியர்களின் போன்களைப் பாதுகாப்பதற்காக 2010 இல், அன்ட்ரொயிட் 2.2 உடன் இது வந்தது. இந்த அதிகாரம் உள்ள செயலியால் போனைப் பூட்ட முடியும். போனிலுள்ள அனைத்தையும் அழிக்கவும் முடியும். இன்னொரு முக்கியமான விடயம், இந்த அதிகாரம் நீக்கப்படும் வரை அந்தச் செயலியைச் சாதாரணமாக அகற்ற முடியாது.

சுருக்கமாகச் சொன்னால், முதலாவது சாவி திருடுவதற்கு உதவுகிறது. இரண்டாவது, திருடன் வெளியே போகாமல் இருக்க உதவுகிறது.

சிங்கப்பூரில் நடந்தது

2023 ஆம் ஆண்டு சிங்கப்பூரில் இந்த வகை மோசடி பெருகியது. அந்த ஓராண்டில் மட்டும் 1,899 சம்பவங்கள் பதிவாகின. இழந்த தொகை குறைந்தது 34.1 மில்லியன் சிங்கப்பூர் டொலர். தமிழும் ஓர் ஆட்சிமொழியாக உள்ள, படிப்பறிவு மிகுந்த நாடு அது. அங்கே எப்படி நடந்தது?

பேஸ்புக்கில் ஒரு விளம்பரம் வரும். வீடு சுத்தம் செய்து தருகிறோம், கடலுணவு மலிவாகத் தருகிறோம், பண்டிகைக்கு மூன்கேக் விற்கிறோம் என்று அதில் இருக்கும். ஆர்வப்பட்டவர் தொடர்பு கொண்டால் பேச்சு வட்ஸ்அப்புக்கு மாறும். பின்னர், “எங்கள் செயலி மூலம் பணம் செலுத்துங்கள்” என்று ஓர் இணைப்பு வரும். அது பிளே ஸ்டோரில் உள்ள செயலி அல்ல; .apk என்று முடியும் ஒரு கோப்பு. அதை நிறுவியதும் Accessibility அனுமதியைத் திறக்கச் சொல்வார்கள். வாங்குபவரும் திறந்து விடுவார். அதன் பின் தட்டச்சு செய்த வங்கி விபரங்கள் மோசடிக்காரருக்குப் போய்ச் சேரும். சில சம்பவங்களில் பணம் போன பின் போனே முழுவதும் அழிக்கப்பட்டது. உரிமையாளர் வங்கிச் செயலியைத் திறந்து பார்க்கவோ, என்ன நடந்தது என்று உடனே அறியவோ வழி இருக்கவில்லை.

அந்நாட்டின் எதிர்நடவடிக்கைகள் இந்தச் சாவியையே குறிவைத்தன. 2023 ஓகஸ்டில் ஓசிபிசி வங்கி தன் செயலியில் ஒரு மாற்றம் செய்தது. வெளியிலிருந்து நிறுவப்பட்டு, ஆபத்தான அனுமதிகளை வைத்திருக்கும் செயலி போனில் இருந்தால் வங்கிச் செயலி திறக்காது. 2024 பெப்ரவரியில் கூகிள் நிறுவனம் சிங்கப்பூரின் இணையப் பாதுகாப்பு முகவரகத்துடன் இணைந்து, இணைய உலாவி, வட்ஸ்அப் போன்றவற்றின் வழியே வந்து இத்தகைய அனுமதிகளைக் கேட்கும் செயலிகளை நிறுவும் போதே தடுக்கும் முயற்சியைத் தொடங்கியது.

தலவாக்கலையில் இருக்கும் நமக்கு இது ஏன்? இங்கே பல வீடுகளில் கொழும்பிலோ மத்திய கிழக்கிலோ ஒருவர் உழைக்கிறார். அவர் அனுப்பும் பணம் வந்து சேரும் செய்தி உம்மாவின் அல்லது அம்மாவின் போனுக்கே வருகிறது. அதே போனில் பிள்ளைகள் விளையாட்டுச் செயலிகளை நிறுவுகிறார்கள். ஒரு போன், பல கைகள்.

பார்ப்பது எப்படி?

போனுக்குப் போன் பாதை சிறிது மாறும். ஆகவே Settings திறந்து, மேலே உள்ள தேடும் பெட்டியில் தட்டச்சு செய்வதே இலகுவான வழி.

முதலில் Accessibility என்று தேடுங்கள். அதற்குள் சம்சுங் போன்களில் Installed apps என்றும், வேறு பல போன்களில் Downloaded apps என்றும் ஒரு பகுதி இருக்கும். நாம் பின்னர் சேர்த்த செயலிகள் அங்கே வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றின் கீழும் On அல்லது Off என்று இருக்கும். TalkBack, Select to Speak, Switch Access ஆகியவை பார்வை, உடல் இயலாமை உள்ளவர்களுக்காக கூகிள் தருபவை. அவற்றைக் கண்டு பயப்பட வேண்டாம். வீட்டில் கண் தெரியாத மூத்தவர் TalkBack பயன்படுத்தினால் அதை நிறுத்தியும் விடாதீர்கள்.

அடுத்து Device admin என்று தேடுங்கள். தொலைந்த போனைக் கண்டுபிடிக்கும் Find My Device அல்லது Find Hub இந்தப் பட்டியலில் இருப்பது இயல்பு. அலுவலக மின்னஞ்சல் உள்ள போனில் அந்த மின்னஞ்சல் செயலியும் இருக்கலாம். பெரும்பாலான வீட்டுப் போன்களில் இதற்கு மேல் எதுவும் இருக்கத் தேவையில்லை.

பட்டியலில் தெரியாத பெயர் ஒன்று இருந்தால் இரண்டு கேள்விகள் கேளுங்கள். இதை யார், எங்கிருந்து நிறுவினார்கள்? இது செய்யும் வேலைக்கு மற்றச் செயலிகளின் திரையை வாசிக்க வேண்டிய தேவை உண்டா? கடவுச்சொற்களைச் சேமித்து வைக்கும் செயலிக்கு அந்தத் தேவை இருக்கலாம். டோர்ச் செயலிக்கோ, வீடியோ பார்க்கும் செயலிக்கோ, கேக் கடைக்கோ அது இல்லை. Update, System Service என்பன போன்ற பெயர்களில் மறைந்திருக்கும் செயலிகளிலும் கவனம் வேண்டும். பெயரும் படமும் யாரும் போட்டுக்கொள்ளக் கூடியவை.

ஒரு போனில் கண்டது

எங்கள் மாமியின் போனில் இந்தப் பட்டியலைப் பார்த்த போது Video Player என்ற ஒரு செயலி On நிலையில் இருந்தது. கிரிக்கெட் போட்டியை இலவசமாகப் பார்க்கலாம் என்று ஒரு குழுவில் வந்த இணைப்பிலிருந்து அவருடைய மகன் அதை நிறுவியிருந்தான். ஆனால் முகப்பில் அதன் படமே இல்லை. Off செய்ய அந்தப் பக்கத்தைத் திறந்ததும் திரை தானாகவே பின்னால் போய்விட்டது. மூன்று தடவையும் அப்படியே.

“போன் பழசு, அதுதான் மகள்” என்றார் மாமி.

போன் பழசானதால் அல்ல. பொத்தானை அழுத்தும் சாவி அந்தச் செயலியிடம் இருக்கிறது. தன்னை நீக்கும் பக்கம் திறப்பதை அது கண்டுகொண்டு, நமக்கு முன் Back பொத்தானை அழுத்தி விடுகிறது. ஐரோப்பாவில் பரவி, 2022 இல் பொலிஸார் முடக்கிய புளூபொட் என்ற தீய செயலியும் இப்படியே தன்னைக் காத்துக்கொண்டது. திரை இவ்வாறு தானாக மூடுவதே சந்தேகத்தை உறுதிப்படுத்தும் வலுவான அடையாளம்.

இந்த நிலையில் செய்ய வேண்டியவற்றின் ஒழுங்கு முக்கியம்.

1. முதலில் Airplane mode இட்டு, Wi-Fi உம் நின்றுவிட்டதா என்று பாருங்கள். இணையம் இல்லாவிட்டால் தூரத்தில் இருப்பவனால் போனை இயக்க முடியாது.

2. போனை Safe mode இல் தொடங்குங்கள். போனை நிறுத்தும் போது திரையில் வரும் Power off என்பதைச் சில வினாடிகள் அழுத்திப் பிடித்தால் பல போன்களில் Safe mode என்று கேட்கும். இந்த நிலையில் நாம் பின்னர் நிறுவிய செயலிகள் இயங்காது. ஆகவே அவற்றால் Back அழுத்தவும் முடியாது.

3. Accessibility பட்டியலில் அந்தச் செயலியை Off செய்யுங்கள்.

4. Device admin apps பட்டியலில் அதன் பெயர் இருந்தால் Deactivate செய்யுங்கள். இதைச் செய்யாவிட்டால் சில போன்களில் Uninstall பொத்தான் மங்கலாகவே இருக்கும்.

5. இப்போது Settings இல் உள்ள Apps பகுதிக்குச் சென்று Uninstall செய்யுங்கள். பிறகு போனைச் சாதாரணமாகத் தொடங்கி, இரண்டு பட்டியல்களையும் மீண்டும் பாருங்கள்.

மாமியின் போனில் இந்த ஒழுங்கில் செய்த போது ஐந்தாவது படியில் செயலி போய்விட்டது. வங்கிச் செயலி அந்தப் போனில் இருக்காததால் இழப்பும் இல்லை.

செயலி திரும்பி வந்தாலோ, Safe mode இலும் அகலாவிட்டாலோ, புகைப்படங்களை வேறிடத்தில் சேமித்துவிட்டு Factory reset செய்வதே தீர்வு. சேமிக்கும் போது .apk கோப்புகளைச் சேர்த்து எடுக்க வேண்டாம்.

அகற்றிய பின்

செயலியை அகற்றுவது கதவை மூடுவது மட்டுமே. அதற்கு முன் வெளியே போன கடவுச்சொல் திரும்பி வராது. வங்கிச் செயலி உள்ள போனாக இருந்தால், வேறொரு போனிலிருந்து உடனே வங்கியை அழைத்துக் கணக்கை நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள். இதைச் செயலியை அகற்றும் வரை பிற்போட வேண்டாம். ஒருவர் அகற்றும் போதே இன்னொருவர் அழைக்கலாம். மின்னஞ்சல், வங்கி, பேஸ்புக் கடவுச்சொற்களையும் வேறொரு சாதனத்திலிருந்தே மாற்றுங்கள். ஆலோசனைக்கு இலங்கை சேர்ட் நிறுவனத்தை 101 என்ற இலக்கத்தில் அழைக்கலாம்.

இன்னுமொன்று. 2022 இல் வந்த அன்ட்ரொயிட் 13 முதல், வெளியிலிருந்து நிறுவிய செயலிக்கு Accessibility கொடுக்க முயன்றால் Restricted setting என்று போனே தடுக்கக் கூடும். இந்தத் தடையைத் தாண்டிச் செல்லும் தீய செயலிகளும் உண்டு. பழைய போன்களில் தடையே இல்லை. ஆனால் தடை தோன்றிய பின், Allow restricted settings என்பதை அழுத்துமாறு ஒருவர் வட்ஸ்அப்பில் பொறுமையாகச் சொல்லித் தருகிறார் என்றால், அவர் கேட்பது அலுமாரிச் சாவியைத்தான். அந்த இடத்தில் பேச்சை நிறுத்திவிடுங்கள்.

வீட்டில் எத்தனை போன்கள் உள்ளனவோ அத்தனையிலும் இந்த இரண்டு பட்டியல்களையும் இந்த வாரமே பாருங்கள். பெற்றோரின் போனைப் பார்க்கும் போது அவர்களையும் அருகில் இருத்தி, எந்தப் பெயர் ஏன் அங்கே இருக்கிறது என்று சொல்லுங்கள். அடுத்த முறை புதிய பெயர் ஒன்று தோன்றினால் அவர்களே கண்டுகொள்வார்கள்.