பரீட்சையை மட்டும் நம்பும் பிரத்தியேக வகுப்பு

செடெனாக் போன்ற தோட்டப்புற ஊர்களில் கல்லூரிப் படிப்பை முடித்த இளைஞர் சிலர் பிரத்தியேக வகுப்பு நடத்துவதையே தொழிலாகக் கொள்ள விரும்புகின்றனர். மூலதனம் குறைவு, பிள்ளைகளும் அருகிலேயே உள்ளனர். ஆயினும் இத்தொழிலில் மறைந்துள்ள ஓர் ஆபத்தை அறிந்துகொண்டே இறங்குதல் வேண்டும்.

நம் நாட்டில் ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கான யு.பி.எஸ்.ஆர். தேர்வு 1988-ஆம் ஆண்டில் தொடங்கியது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அத்தேர்வை நம்பியே பல வகுப்புகள் வாழ்ந்தன. 2020-இல் கொவிட் தொற்றினால் அது இரத்துச் செய்யப்பட்டது. 2021-இல் கல்வியமைச்சு அதனை முற்றாக அகற்றியது. மூன்றாம் படிவ மாணவர்களுக்கான பி.டி.3 தேர்வும் 2022-இல் அகற்றப்பட்டது. ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளை மட்டுமே சேர்த்திருந்த வகுப்புகளுக்கு இஃது எத்தகைய அடியாக இருந்திருக்கும் என்பதை நாம் எளிதில் உணரலாம்.

தேர்வு நடைபெற்ற காலத்திலும் இந்த ஆபத்து ஆண்டுதோறும் தலைகாட்டியது. ஒரு கணக்கின் வழியாக இதனைக் காண்போம். செடெனாக்கில் ஒருவர் வகுப்பு நடத்தினார் என்றும், அவரிடம் 55 பிள்ளைகள் பயின்றனர் என்றும் வைத்துக்கொள்வோம். அவர்களுள் 40 பேர் ஆறாம் ஆண்டு மாணவர்கள். மாதக் கட்டணம் ஆளுக்கு 60 வெள்ளி எனில் வருமானம் 3,300 வெள்ளி. கடை வாடகை 800, உதவியாசிரியர் சம்பளம் 900, மின்சாரம், தாள் முதலியவற்றுக்கு 300 என 2,000 வெள்ளி செலவாகும். எஞ்சும் 1,300 வெள்ளியே அவருடைய ஊதியம்.

செப்டம்பரில் தேர்வு முடிந்ததும் அந்த 40 பேரும் நின்றுவிடுவர். வருமானம் 900 வெள்ளியாகச் சுருங்கிவிடும். உதவியாசிரியரை நிறுத்தினாலும் செலவு 1,100 வெள்ளி. ஆகவே, ஆண்டு முடியும்வரை மாதம் 200 வெள்ளி கையிலிருந்து போகும். குடும்பச் செலவுக்கோ ஒரு காசும் இராது. மழைக்காலத்தில் பால்வெட்டு நின்றுபோவதை அறிந்த நம் தொழிலாளர்களுக்கு இந்நிலை புதிதன்று.

அதே 55 பேரில் 10 பேர் மட்டுமே தேர்வு எழுதுபவராகவும், மற்ற 45 பேர் கீழ் வகுப்பினராகவும் இருந்தால் என்ன ஆகும்? பத்துப் பேர் நின்ற பின்னும் 2,700 வெள்ளி வரும். உதவியாசிரியரை வைத்துக்கொண்டே 700 வெள்ளி எஞ்சும். பிள்ளைகளின் மொத்த எண்ணிக்கை மாறவில்லை. அவர்கள் எந்த வகுப்பினர் என்பது மட்டுமே மாறியது. இன்று எஸ்.பி.எம். மாணவர்களை நம்பி வகுப்பு நடத்துவோருக்கும் இக்கணக்குப் பொருந்தும். தேர்வின் காலமும் நிலையானதன்று. 2020-ஆம் ஆண்டின் எஸ்.பி.எம். தேர்வு 2021 பிப்ரவரிக்குத் தள்ளிப்போயிற்று.

கீழ் வகுப்புப் பிள்ளைகளை ஈர்ப்பது எங்ஙனம்? இங்கேதான் நற்பெயர் துணை செய்கிறது. சிறந்த தேர்ச்சி பெற்றோரின் படங்களைச் சுவரில் ஒட்டுவதால் வரும் பெயர் தேர்வு எழுதும் மாணவர்களையே அழைத்துவரும். மேலும், முன்னரே கெட்டிக்காரராக இருந்த பிள்ளையின் தேர்ச்சி ஆசிரியரின் திறமைக்குச் சான்றாகாது. மூன்றாம் ஆண்டில் வாசிக்கத் தடுமாறும் பிள்ளையை வாசிக்கச் செய்வதே தோட்டத்தில் நிலைக்கும் பெயராகும்.

இதற்கு வழி எளியது. பிள்ளை சேரும் நாளில் ஒரு பக்கத்தை வாசிக்கச் செய்து, தடுமாறிய சொற்களை எண்ணிக் குறித்து வைத்தல் வேண்டும். மூன்று மாதங்கள் கழித்து அதே அளவு கடினமான வேறொரு பக்கத்தைப் பெற்றோர் முன்னிலையில் வாசிக்கச் செய்யலாம். முன்னர் இருபது சொற்களில் தடுமாறிய பிள்ளை இப்பொழுது ஐந்தில் மட்டும் தடுமாறினால், தாயாருக்கு வேறு விளம்பரம் தேவையில்லை. முன்னேற்றம் இல்லையெனில் அதனையும் மறைக்காமல் கூறுதல் வேண்டும். கட்டணத்தை வாங்கிக்கொண்டு மௌனமாக இருத்தல் பெயரைக் கெடுத்துவிடும்.

பெயர் நிலைத்துவிட்டதா என்பதை அறிய இரண்டு அடையாளங்கள் உள்ளன. படிக்கும் பிள்ளையின் தம்பியோ தங்கையோ வந்து சேருவது ஒன்று. தேர்வு முடிந்த பின்னும் பிள்ளைகள் தொடர்ந்து வருவது மற்றொன்று. இவ்விரண்டும் இல்லையெனில், வகுப்பு நிறைந்திருந்தாலும் அது பரீட்சையின் பெயரால் நிறைந்ததே.

தொழிலைத் தொடங்குமுன் 1996-ஆம் ஆண்டு கல்விச் சட்டத்தின்படி நிலையத்தைப் பதிவு செய்தல் அவசியம். விவரங்களை மாநிலக் கல்வி இலாகாவில் கேட்டறியலாம். பின்னர், ஒவ்வொரு மாதமும் கட்டணத்தை வகுப்பு வாரியாகப் பிரித்து எழுதி வருதல் வேண்டும். தேர்வு வகுப்பின் பங்கு பாதியைத் தாண்டினால், புதிய தேர்வு மாணவர்களைச் சேர்ப்பதைச் சற்று நிறுத்திவிட்டு, கீழ் வகுப்புகளை வளர்ப்பதில் கவனம் செலுத்துவதே அறிவுடைமையாகும்.