படம் போயிடுச்சா? ரேஷன் கார்டு அட்டவணைகளை எழுத்தாலேயே வரையலாம்

ஒரு பயிற்சிக் கையேட்டை போன்ல திறக்கிறீங்க. "படம் 3: அட்டவணைகளும் இணைப்புகளும்" என்று தலைப்பு இருக்கிறது. கீழே வெற்றுக் கட்டம்தான். சர்வரில் இருந்து படக் கோப்பை யாரோ நீக்கிவிட்டார்கள். அந்த இடத்தில் "கார்டு, உறுப்பினர், கடை, பில் ஆகியவை இணைக்கப்பட்டுள்ளன" என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். அந்த வரியால் யாருக்கும் பயனில்லை. எது எதோடு, எந்த எண்ணின் வழியாக, எத்தனைக்கு எத்தனை என்பதைச் சொல்லத்தான் இ.ஆர். டயகிராம் வரைகிறார்கள்.

குடும்ப அட்டையையே உதாரணமாக எடுத்துக்குவோம். இது துறையின் உண்மையான டேட்டாபேஸ் அல்ல, புரிவதற்காகச் சுருக்கிய மாதிரி.

முதலில் பெட்டிகள். படத்தில் ஒவ்வொரு பெட்டியும் ஓர் அட்டவணை. எழுத்தில் ஒரு பெட்டிக்கு ஒரு வாக்கியம் போதும். "உறுப்பினர் அட்டவணை: ஒரு பதிவு என்பது ஒரு நபர்." "பில் அட்டவணை: ஒரு பதிவு என்பது கடையில் ஒரு தடவை பொருள் வாங்கியது." இந்த "ஒரு பதிவு என்பது" கட்டாயம் வேண்டும். பில் என்பது ஒரு மாதக் கணக்கா, ஒரு தடவை வாங்கியதா என்று தெரியாவிட்டால் மற்ற எல்லாமே குழம்பிவிடும்.

அடுத்து சாவிகள். ஒரு பதிவைத் தனித்துக் காட்டும் எண் முதன்மைச் சாவி, அதாவது பிரைமரி கீ. கார்டு அட்டவணைக்கு அது கார்டு எண். அதே கார்டு எண் உறுப்பினர் அட்டவணைக்குள்ளும் வந்து உட்காரும். அங்கே அதன் பெயர் அயல் சாவி, ஃபாரின் கீ. படத்தில் கோடு ஓடுவது இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில்தான்.

கோட்டை விவரிப்பதில்தான் நிறைய பேர் தடுமாறுகிறார்கள். கோட்டின் இரண்டு முனையிலும் சின்னக் குறிகள் இருக்கும். காக்கைக் கால் மாதிரி மூணு விரல் இருந்தால் "பல", குறுக்குக் கோடு என்றால் "ஒன்று", வட்டம் என்றால் "இல்லாமலும் இருக்கலாம்". அதனால் ஒவ்வொரு கோட்டையும் இரண்டு பக்கமிருந்தும் படித்து, இரண்டு வாக்கியமாக எழுதணும்:

"ஒரு கார்டில் குறைந்தது ஒரு உறுப்பினர் இருப்பார், பலரும் இருக்கலாம். ஒரு உறுப்பினர் ஒரே ஒரு கார்டில்தான் இருப்பார்."

"ஒரு கார்டுக்கு பில் இல்லாமலும் இருக்கலாம், பல பில்களும் இருக்கலாம். ஒரு பில் ஒரே ஒரு கார்டுக்கு உரியது."

முதல் ஜோடியின் இரண்டாவது வாக்கியத்தைக் கவனியுங்கள். கல்யாணம் ஆன பெண்ணின் பெயரைக் கணவர் வீட்டு கார்டில் சேர்க்க, முதலில் அம்மா வீட்டு கார்டில் ஏன் நீக்கச் சொல்கிறார்கள்? காரணம் இந்த வாக்கியத்தில்தான் இருக்கிறது. "இணைக்கப்பட்டுள்ளன" என்று மட்டும் எழுதியிருந்தால் அது காணாமலே போயிருக்கும்.

சரி, பழைய படத்தைப் பார்த்த யாரும் இல்லை என்றால்? டேட்டாபேஸில் அட்டவணையை உருவாக்கிய கட்டளை இருக்கும்:

```
CREATE TABLE member (
  member_id  INT PRIMARY KEY,
  card_no    CHAR(12) NOT NULL,
  aadhaar_no CHAR(12) UNIQUE,
  FOREIGN KEY (card_no) REFERENCES card (card_no)
);
```

கடைசி வரியைப் பார்த்தால் கோடு எங்கே போகிறது என்று தெரிகிறது. `NOT NULL` இருப்பதால் கார்டு இல்லாத உறுப்பினர் இருக்க முடியாது. `UNIQUE` என்பது ஓர் ஆதார் எண் இரண்டு பதிவில் வராது என்று சொல்கிறது. புது வீட்டில் அதே எண்ணுக்கு இன்னொரு பதிவு போட்டால் கணினி மறுத்துவிடும்.

ஆனால் ஒன்று மட்டும் இதில் கிடைக்காது. "ஒரு கார்டில் குறைந்தது ஒரு உறுப்பினர்" என்ற விதி இந்தக் கட்டளையில் எங்கேயும் இல்லை. ஆளே இல்லாத கார்டைப் பதிவு செய்தாலும் அட்டவணை ஏற்றுக்கொள்ளும். அந்த விதியை மென்பொருள்தான் பார்த்துக்கொள்கிறது. ஆகவே கட்டளையை மட்டும் வைத்து எழுதுகிறவர் அந்த இடத்தில் "குறைந்தது ஒன்று" என்று ஊகித்து எழுதக் கூடாது. "குறைந்தபட்சம் எத்தனை என்று அட்டவணையில் குறிப்பிடப்படவில்லை" என்று எழுதிவிட்டு, துறையில் விதி தெரிந்தவரிடம் கேட்டுச் சேர்ப்பதுதான் முறை.

மறுபடி படமாகவே வேண்டும் என்றால், மெர்மெய்ட் என்ற குறியீட்டில் எழுதி வைக்கலாம். வெறும் எழுத்துதான், அதை ஏற்கும் தளத்தில் போட்டால் படமாகிவிடும்:

```
erDiagram
  SHOP ||--o{ CARD : serves
  CARD ||--|{ MEMBER : includes
  CARD ||--o{ BILL : gets
```

இங்கே `o` வட்டம், `{` காக்கைக் கால், `|` குறுக்குக் கோடு. ஆனால் திரைவாசிப்பான் பயன்படுத்தும் பார்வையற்ற வாசகருக்கு இந்தக் குறிகளை வாசித்துக் காட்டினால் ஒன்றும் புரியாது. அவருக்கு மேலே சொன்ன வாக்கிய ஜோடிகள்தான் வேண்டும். அவற்றைப் படத்துக்கான மாற்று உரையில் மட்டும் வைத்தால், படத்தைப் பக்கத்திலிருந்து எடுக்கும்போது அதுவும் சேர்ந்தே போய்விடும். எனவே படத்துக்குக் கீழே, கட்டுரையின் சாதாரணப் பத்தியாகவே எழுதி வையுங்கள்.