கூடல்வாயை நான் வரைவதில்லை

ஓட்டுக்கூரையை ரெவிட்டில் வரையத் தொடங்கிய நாட்களில் மூலைக்கோடுகளையும் கூடல்வாயையும் நானே இழுத்துப் போட முயல்வேன். ஆட்டோகேடில் வந்த பழக்கம் அது. அங்கே கூரைப்படம் என்றால் கோடுகள்தான். மூலைக்கு மூலை 45 டிகிரியில் ஒரு கோடு போட்டால் வேலை முடிந்தது. அந்தக் கோட்டின் உயரம் என்ன என்று யாரும் கேட்பதில்லை. ரெவிட்டில் அந்தக் கோட்டை வரைய இடமே கிடையாது. நாம் கொடுப்பது இறவாணத்தின் எல்லை, சரிவு, உயரம் ஆகிய மூன்று மட்டும். மூலையும் முகடும் கூடல்வாயும் அந்த மூன்றின் விளைவு. விளைவு கோணலாக இருந்தால் அதைத் தட்டிச் சரிசெய்ய முடியாது. கொடுத்த மூன்றில் எது தப்பு என்று தேடித்தான் ஆக வேண்டும்.

இதை நான் படித்தது நாகர்கோவில் பக்கம் ஒரு வீட்டு வேலையில். ‘ட’ வடிவ வீடு. பின்பகுதி 12 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம். அதன் இடது ஓரத்திலிருந்து 5 மீட்டர் அகலத்தில் ஒரு சிறகு முன்னோக்கி 4 மீட்டர் நீண்டிருக்கும். சுவர் 23 செ.மீ., உச்சி 3.6 மீட்டர். மேலே மங்களூர் ஓடு, சரிவு 30 டிகிரி. இரண்டு பருவமழையும் காற்றோடு அடிக்கிற ஊர் என்பதால் 25-க்குக் கீழே போக எனக்குத் துணிவில்லை.

வேலை எளிதாகவே தொடங்கியது. சுவர் உச்சி மட்டத்தில் Roof by Footprint, அதில் Pick Walls, Overhang பெட்டியில் 600, Defines Slope-இல் டிக். வெளிச்சுவர்களை ஒவ்வொன்றாகச் சொடுக்கினால் இறவாணக்கோடு 60 செ.மீ. தள்ளிக்கொண்டு வரும். அளவு பூச்சிலிருந்தா, கல்லிலிருந்தா என்பதை Extend to wall core தீர்மானிக்கும். அதை முதலிலேயே முடிவு செய்துவிடுவது நல்லது. கோடுகள் மூடிய வளையமாகச் சேர்ந்ததும் முடித்துவிட்டேன். கூரை அழகாக எழும்பியது.

எழும்பியதை நம்புவதற்கு முன் நான் ஒரு கணக்குப் போடுவேன். சரிவு எங்கும் ஒன்றாக இருந்தால் முகட்டின் உயரம் பாதி அகலத்தைப் பொறுத்தது. பின்பகுதியில் பாதி 4 மீட்டர், அதை 0.577-ஆல் பெருக்கினால் சுவர் உச்சிக்கு மேல் 2.31 மீட்டர். சிறகில் பாதி 2.5, அங்கே 1.44. ஆக, சிறகின் முகடு பெரிய முகட்டைவிட ஏறத்தாழ 87 செ.மீ. தாழ்ந்து, பின்பகுதியின் முன்சரிவில் போய் முட்ட வேண்டும். மேலிருந்து பார்த்தால் உள்மூலையிலிருந்து கூடல்வாய் 45 டிகிரியில் ஏறி, சிறகின் முகடு முடியும் புள்ளியில் நிற்கும். அதே புள்ளியிலிருந்து ஒரு மூலைக்கோடு கிளம்பிப் பெரிய முகடு வரை போகும். திரையில் அப்படியே இருந்தது. இரண்டு முகடும் ஒரே உயரத்தில் வந்திருந்தால் எங்கோ சரிவு மாறியிருக்கிறது என்று பொருள்.

இந்தக் கணக்கில் ஒரு வழுக்கல் உண்டு. கூரையின் பண்புகளில் Rafter or Truss என்று ஒரு வரி இருக்கும். Truss என்றால் உயரத்தைச் சுவரின் வெளிமுகத்தில் எடுக்கும்; Rafter என்றால் உள்முகத்தில். 23 செ.மீ. சுவரில் 30 டிகிரிக்கு அந்த வித்தியாசம் 13 செ.மீ. முகடு 13 செ.மீ. குறைகிறதே என்று ஒரு மத்தியானம் முழுக்கத் தலையைச் சொறிந்திருக்கிறேன்.

பிறகு வீட்டுக்காரர் வந்தார். பின்பகுதியின் முன்சுவருக்கு வெளியே, சிறகுக்குப் பக்கத்தில், உட்கார நிழல் வேண்டும். இறவாணத்தை அந்தப் பக்கம் மட்டும் 120 செ.மீ. ஆக்கிவிடுங்கள் என்றார். ஒரு எண்ணை மாற்றும் வேலைதானே என்று மாற்றி, படத்தை அச்செடுத்து ஆசாரியிடம் கொடுத்தேன். அவர் ரெவிட்டைப் பார்த்ததில்லை. படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “தம்பி, இந்த மூலைக் கைமரம் மூலைக்கு வராம நடுவழியில நிக்குதே?” என்றார்.

நின்றுதான் இருந்தது. சுவர்களைத் தேர்ந்து வரையும்போது சரிவு சுவர் உச்சியைத் தொட்டுக்கொண்டு வெளியே இறங்குகிறது. 60 செ.மீ. நீட்டினால் இறவாணம் சுவர் உச்சியிலிருந்து 35 செ.மீ. தாழும்; 120 நீட்டினால் 69 செ.மீ. இரண்டு இறவாணமும் ஒரே மட்டத்தில் இல்லை. மூலைக்கோடோ சுவரின் மூலையைத் தாண்டி 45 டிகிரியில்தான் போகும். அதனால் அது பக்கவாட்டு இறவாணத்தை, மூலைக்கு 60 செ.மீ. முன்பே தொட்டுவிடுகிறது. மிச்சமிருந்த 60 செ.மீ. ஓரம் சாய்ந்து இறங்கியது. உள்மூலையிலும் இதே கதை: கூடல்வாய் இறவாண மூலையை எட்டாமல் முடிந்தது. வீட்டிலேயே அதிகத் தண்ணீர் கொட்டும் இடம் அது. அங்கே தகரக்கால்வாயைச் சேர்க்க வழியில்லை. முப்பரிமாணப் பார்வையில் இது சட்டென்று கண்ணில் படவில்லை. கூரையின் மேற்பார்வையில், கோடு இறவாண மூலையில் போய்ச் சேருகிறதா என்று பார்த்தால் ஒரு நொடியில் தெரியும்.

Align Eaves என்ற கருவி இதற்குத்தான் இருக்கிறது. ஆனால் அது கேட்கும் கேள்விக்குப் பதில் நம்மிடம் இருக்க வேண்டும். Adjust Height என்றால் அந்தப் பக்கச் சரிவு முழுவதும் 35 செ.மீ. உயரும், சுவரையும் அந்தப் பக்கம் மட்டும் உயர்த்தியாக வேண்டும். Adjust Overhang என்றால் நீட்டல் மறுபடி 60-க்கே வந்துவிடும். மூன்றாவதாக, சுவரையும் இறவாண மட்டத்தையும் மாற்றாமல் அந்தப் பக்கத்தின் சரிவை மட்டும் படுக்கவைக்கலாம். கணக்குப் போட்டால் 16 டிகிரி வருகிறது. அந்தச் சரிவில் மங்களூர் ஓடு போட்டால் மழை காற்றோடு ஓட்டுக்கடியில் ஏறும். சரிவு மாறினால் கூடல்வாய் 45 டிகிரியை விட்டும் விலகும்.

கடைசியில் எண்ணைப் பழையபடி 600 ஆக்கினேன். நிழலுக்கு, பெரிய கூரையின் இறவாணத்துக்குக் கீழே தனியாக ஒரு சார்ப்பு வரைந்தேன்: சுவரில் 3.15 மீட்டரில் தொடங்கி, ஒன்றரை மீட்டர் வெளியே, 25 டிகிரி. நுனி 2.45 மீட்டரில் நிற்கும். ரெவிட்டில் அது இன்னொரு கூரை. நான்கு கோட்டில் வெளிக்கோட்டுக்கு மட்டும் Defines Slope. பெரிய கூரையின் மூலைகளை அது தொடுவதே இல்லை. வீட்டுக்காரருக்கு முதலில் கேட்டதைவிட 30 செ.மீ. கூடுதல் நிழல்.

ஆசாரிக்கு இன்னொரு கேள்வி இருந்தது, கூடல்வாயில் வரும் கைமரத்தின் நீளம். மேலிருந்து பார்த்தால் அது 4.38 மீட்டர், 1.79 மீட்டர் ஏறுகிறது. உண்மை நீளம் 4.74. ஓட்டின் சரிவு 30 டிகிரி என்றாலும் கூடல்வாய் குறுக்கே ஏறுவதால் அதன் சரிவு 22 டிகிரிதான். மாதிரியில் வெட்டுப்படத்தை அந்தக் கோட்டோடு சேர்த்து வெட்டி அளந்தேன், அதே அளவு. சொன்னதும் ஆசாரி மனதுக்குள் அடிக்கு மாற்றிப் பார்த்தார்.

“அப்போ பதினாறடி மரம் எடுத்தாப் போதும், தம்பி.”