சோள மாவும் சோள ஸ்டார்ச்சும் ஒன்றா?

சூப் கெட்டியாவதற்கு நாம் கரைத்து ஊற்றும் வெள்ளை மாவின் பொட்டலத்தில் 'கார்ன்ஃபிளவர்' என்றோ 'தெப்புங் ஜாகுங்' என்றோ எழுதியிருக்கும். அமெரிக்கச் சமையல் குறிப்புகளோ 'கார்ன் ஸ்டார்ச்' என்கின்றன. இவை இரண்டும் ஒன்றுதானா?

மலேசியா, சிங்கப்பூர், பிரிட்டன் கடைகளில் இரண்டும் ஒன்றே. அமெரிக்காவில் அப்படி இல்லை. அங்கு 'கார்ன் ஃபிளவர்' என்றால் காய்ந்த சோளத்தை அரைத்த மாவு. அதில் மாவுச்சத்தோடு புரதமும் நாரும் சிறிது கொழுப்பும் இருக்கும். அது பெரும்பாலும் மஞ்சளாக இருக்கும். சோள வாசனையும் வரும்.

ஸ்டார்ச் தயாரிக்கும் முறை வேறு. சோளத்தைச் சுமார் 50 பாகை செல்சியஸ் வெந்நீரில் ஒரு நாளுக்கும் மேல் ஊறவைப்பார்கள். பிறகு அரைத்து, எண்ணெய் நிறைந்த முளையை நீக்கி, நாரைச் சலித்தெடுப்பார்கள். மிஞ்சும் பாலில் ஸ்டார்ச்சும் புரதமும் இருக்கும். ஸ்டார்ச் கனமானது, எனவே பாலை வேகமாகச் சுழற்றும்போது இரண்டும் பிரிந்துவிடும். ஸ்டார்ச்சை உலர்த்தினால் வாசனையற்ற வெண்மாவு கிடைக்கும். விரலிடையே தேய்த்தால் அது நறநறவென்று ஒலிக்கும்.

பெயர் குழம்பினால் சமையலும் கெடும். மஞ்சள் மாவு கேட்கும் ரொட்டிக்கு வெள்ளை மாவைப் போட்டால் ரொட்டி வறண்டு உதிரும். ஒரு தேக்கரண்டி ஸ்டார்ச் கெட்டியாக்கும் சூப்புக்கு மஞ்சள் மாவு ஏறக்குறைய இரண்டு கரண்டி வேண்டும். சூப்பும் தெளிவாக இராது.

குளூட்டன் இவற்றில் உண்டா? குளூட்டன் என்பது கோதுமை, பார்லி, ரை ஆகியவற்றில் உள்ள பசைப் புரதம். சீலியாக் நோயாளிகளுக்கு அது சிறுகுடலின் உட்சுவரைச் சிதைக்கும். சோளத்தின் முக்கியப் புரதம் ஸீன். அது இந்த நோயைத் தூண்டும் குளூட்டன் வகையைச் சேர்ந்ததன்று. ஆலைகள் தாங்கள் பிரித்தெடுக்கும் சோளப் புரதத்தை 'கார்ன் குளூட்டன்' என்று அழைப்பது வெறும் தொழில் வழக்கு. எனவே தூய சோளத்திலிருந்து வந்தால் இரண்டு மாவிலும் குளூட்டன் இல்லை.

ஆனால் ஒரு பொறி உண்டு. ஆஸ்திரேலியாவில் கோதுமை ஸ்டார்ச்சையும் 'வீட்டன் கார்ன்ஃபிளவர்' என்ற பெயரில் விற்கிறார்கள். அதுவும் வெண்மாவுதான், கண்ணால் பார்த்துப் பிரித்தறிவது கடினம். அயோடின் சொட்டு விட்டாலும் இரண்டும் கருநீலமாகவே மாறும், ஏனெனில் அயோடின் காட்டுவது ஸ்டார்ச்சை, புரதத்தையன்று. கோதுமை ஸ்டார்ச்சில் குளூட்டனின் மிச்சம் ஒட்டியிருக்கலாம். கோதுமை அரைத்த அதே இயந்திரத்தில் சோளத்தை அரைத்தாலும் கலப்பு நேரும்.

ஆகவே சீலியாக் நோயாளி உள்ள வீட்டில் பொட்டலத்தின் முன்பக்கப் பெயரை மட்டும் நம்பக்கூடாது. பின்பக்கம் திருப்பி, மூலப்பொருள் பட்டியலில் சோளம் மட்டுமே உள்ளதா, 'கோதுமை இருக்கக்கூடும்' என்ற எச்சரிக்கை உண்டா என்று பாருங்கள். 'குளூட்டன் அற்றது' என்ற குறிப்பு இருந்தால் நல்லது. அனைத்துலக உணவுத் தரத்தின்படி, அத்தகைய உணவில் ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக்கூடாது.