சிறுநீரகம் தளர்ந்த குழந்தைக்கு மருந்து: அளவைக் குறைப்பதா, இடைவெளியைக் கூட்டுவதா? ஒரு முழுமையான வழிகாட்டி

குழந்தைகள் வார்டில் புதிதாகச் சேர்ந்திருக்கும் ஹவுஸ் சர்ஜன்களுக்கும் செவிலியர்களுக்கும் மருந்தாளுநர்களுக்கும் இதை எழுதுகிறேன். பெற்றோரும் படிக்கலாம். ஆனால் படித்துவிட்டு வீட்டில் தாமாக டோஸை மாற்றக் கூடாது. மருத்துவரிடம் சரியான கேள்வியைக் கேட்பதற்கு இது உதவும்.

ஒரு குழந்தையை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். ஆறு வயதுப் பையன், எடை 18 கிலோ, உயரம் 110 செ.மீ. பிறவியிலேயே சிறுநீர்ப் பாதையில் வால்வு அடைப்பு இருந்தது. அறுவை சிகிச்சை செய்தும் இரண்டு சிறுநீரகங்களும் தளர்ந்துவிட்டன. பல மாதங்களாகக் கிரியாட்டினின் 2.2 மி.கி. என்ற அளவிலேயே நிற்கிறது. இப்போது வலிப்பு வந்ததால் லெவெடிரசெட்டம் தொடங்க வேண்டும். கூடவே சிறுநீர்த் தொற்றும் கடும் காய்ச்சலும் இருப்பதால் அமிகாசின் ஊசியும் தேவைப்படுகிறது. இரண்டுமே சிறுநீரகம் வழியாக வெளியேறும் மருந்துகள்தான். ஆனாலும் ஒன்றுக்கு அளவைக் குறைப்போம், மற்றொன்றுக்கு இடைவெளியைக் கூட்டுவோம். காரணம் புரிந்துவிட்டால் பெரும்பாலான மருந்துகளை நீங்களே எடைபோட முடியும்.

படி 1: கிரியாட்டினினை உயரத்தோடு சேர்த்துப் படியுங்கள்

கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது. சின்ன உடம்பில் தசை குறைவு என்பதால் பெரியவர்களுக்கான எண்ணைக் குழந்தைக்குப் பொருத்தக் கூடாது. ஆய்வகச் சீட்டில் அச்சிட்டிருக்கும் இயல்பு எல்லை பல இடங்களில் பெரியவர்களுக்கானது. இரண்டு வயதுக் குழந்தைக்கு 0.8 என்று வந்தால் சீட்டில் அடிக்கோடு இருக்காது, பார்ப்பவரும் நிம்மதியாகத் தாண்டிப் போய்விடுவார். உண்மையில் 85 செ.மீ. உயரமுள்ள அந்தக் குழந்தையின் சிறுநீரகம் பாதிக்கும் குறைவாகவே வேலை செய்துகொண்டிருக்கும்.

இதைக் கண்டுபிடிக்க அமெரிக்கக் குழந்தைச் சிறுநீரக மருத்துவர் ஜார்ஜ் ஷ்வார்ட்ஸ் குழுவினர் 2009-இல் வெளியிட்ட எளிய சூத்திரம் போதும்:

ஜி.எஃப்.ஆர். = 0.413 × உயரம் (செ.மீ.) ÷ கிரியாட்டினின் (மி.கி./டெ.லி.)

நம் பையனுக்கு 0.413 × 110 ÷ 2.2. விடை 20-ஐச் சற்றே தாண்டுகிறது. இயல்பை 100 என்று வைத்துக்கொண்டால் ஐந்தில் ஒரு பங்கு வேலைதான் நடக்கிறது. படுக்கையருகே அளவு நாடா இல்லாமல் இந்தக் கணக்கைப் போட முடியாது. எடையை மட்டும் எழுதி உயரத்தை விட்டுவிடும் கேஸ் ஷீட்டுகள்தான் இங்கே முதல் தடை.

இந்தச் சூத்திரத்துக்கு மூன்று எல்லைகள் உண்டு. ஒரு வயதுக்குக் கீழே இதைப் பயன்படுத்தக் கூடாது. மிகவும் மெலிந்த குழந்தைக்குத் தசையே குறைவாக இருப்பதால் கிரியாட்டினினும் குறைவாகத் தெரியும், சிறுநீரகம் உள்ளதைவிட நன்றாக இருப்பதுபோல் காட்டும். மூன்றாவதுதான் மிக ஆபத்தானது. கிரியாட்டினின் நாளுக்கு நாள் ஏறிக்கொண்டிருந்தால் கணக்கு பொய் சொல்லும். சிறுநீரகம் இன்று முழுதாக நின்றுபோனாலும் ரத்தத்தில் கிரியாட்டினின் சேர நாள்கள் ஆகும். நேற்று 0.6, இன்று 1.4, சிறுநீரும் வரவில்லை என்றால் சூத்திரத்தை ஓரம் வைத்துவிட்டு ஜி.எஃப்.ஆர். 10-க்கும் கீழே என்றே எண்ணி நடந்துகொள்ளுங்கள்.

படி 2: மருந்து எந்த வழியாக வெளியேறுகிறது?

எல்லா மருந்தையும் குறைக்க வேண்டியதில்லை. செஃப்ட்ரையாக்சோனில் கணிசமான பங்கு பித்தத்தின் வழியாகப் போவதால், கல்லீரல் நன்றாக இருக்கும்வரை சிறுநீரகத்துக்காக மட்டும் அதைக் குறைப்பதில்லை. லெவெடிரசெட்டத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு உருமாறாமல் சிறுநீரில் போகிறது. அமிகாசின் கிட்டத்தட்ட முழுதும் சிறுநீரகத்தை நம்பியே இருக்கிறது.

இந்தப் பங்கு தெரிந்தால் குழந்தை ஒரு மருந்தை எவ்வளவு வெளியேற்றும் என்று சொல்லிவிடலாம். சிறுநீரகம் வழியாகப் போகும் பங்கை, இழந்துபோன செயல்திறனால் பெருக்கி, 1-இலிருந்து கழியுங்கள்.

லெவெடிரசெட்டம்: 1 − (0.66 × 0.8) = 0.47
அமிகாசின்: 1 − (0.95 × 0.8) = 0.24

முதலாவதை இந்தப் பையன் இயல்பில் பாதியளவுக்கு வெளியேற்றுவான், இரண்டாவதைக் கால் பங்குதான். தினமும் தருவதை ஏறக்குறைய அந்த விகிதத்துக்குக் கொண்டுவர வேண்டும். எப்படிக் கொண்டுவருவது என்பது அடுத்த கேள்வி.

படி 3: அளவா, இடைவெளியா?

மருந்து எப்படி வேலை செய்கிறது என்பதைப் பொறுத்தது இது. வலிப்பு மருந்து ரத்தத்தில் சீராக இருக்க வேண்டும், மட்டம் இறங்கினால் வலிப்பு வரும். அதனால் வேளையை மாற்றாமல் ஒவ்வொரு வேளையின் அளவையும் குறைக்கிறோம். பெனிசிலின், செஃபலோஸ்போரின் வகையும் இப்படித்தான்: கிருமியை அடக்கத் தேவையான மட்டத்துக்கு மேலே எத்தனை மணி நேரம் மருந்து நிற்கிறது என்பதுதான் கணக்கு.

அமிகாசினும் ஜென்டாமைசினும் வேறு சாதி. மட்டம் ஒருமுறை உயரத்துக்கு எழும்பினால்தான் கிருமி சாகும். அதன் பிறகு மட்டம் நன்றாக இறங்க வேண்டும், இல்லையென்றால் உட்செவியிலும் சிறுநீரகத்திலும் மருந்து சேர்ந்து கெடுக்கும். இதன் அளவைப் பாதியாக்கினால் உச்சமும் பாதியாகும். கிருமி சாகாது, கீழ்மட்டமும் இறங்காது. இரண்டு பக்கமும் நஷ்டம். ஆகவே ஒரு டோஸின் அளவை அப்படியே வைத்து இடைவெளியைக் கூட்டுகிறோம்.

படி 4: முதல் டோஸைக் குறைக்காதீர்கள்

சிறுநீரகம் பழுது என்று கேட்டதும் முதல் டோஸிலேயே பாதியைக் குறைப்பதைப் பல வார்டுகளில் பார்க்கிறோம். முதல் டோஸ் உடம்பு என்ற தொட்டியை நிரப்புவதற்கானது. தொட்டியின் கொள்ளளவு சிறுநீரகத்தால் சுருங்குவதில்லை. வெளியேறும் குழாய்தான் அடைபட்டிருக்கிறது, அது அடுத்தடுத்த டோஸ்களைப் பற்றிய கவலை. கடும் தொற்றில் முதல் டோஸைக் குறைத்தால் காப்பாற்ற வேண்டிய முதல் நாளிலேயே மருந்து போதாமல் போகும்.

படி 5: லெவெடிரசெட்டம், பையனின் கணக்கு

வழக்கமாக ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 10 மி.கி. என்று தொடங்குவோம். 18 கிலோவுக்கு 180 மி.கி., நாளைக்கு இரண்டு வேளை. முதல் டோஸை முழுதாகக் கொடுத்த பிறகு, படி 2-இல் வந்த 0.47-ஐப் பாதி என்று எடுத்துக்கொண்டால் அடுத்த வேளையிலிருந்து வேளைக்கு 90 மி.கி. வலிப்பு அடங்காவிட்டால் மெல்லக் கூட்டலாம். ஆனால் ஜி.எஃப்.ஆர். 30-க்குக் கீழே இருக்கும்வரை கிலோவுக்கு 10 மி.கி., அதாவது வேளைக்கு 180 மி.கி.தான் உச்சவரம்பு. சிறுநீரகம் நன்றாக உள்ள குழந்தைக்கு இது 30 வரை போகும்.

சிரப் ஒரு மி.லி.யில் 100 மி.கி. என்றால் 90 மி.கி.க்கு 0.9 மி.லி. இதைக் கரண்டியில் அளக்க முடியாது. 1 மி.லி. சிரிஞ்சைக் கொடுத்து, எந்தக் கோடுவரை இழுக்க வேண்டும் என்று தாயின் கையாலேயே ஒருமுறை இழுக்கச் சொல்லிப் பாருங்கள். 0.9-ஐ 9 என்று படித்துவிட்டால் பத்து மடங்கு மருந்து உள்ளே போகும்.

படி 6: அமிகாசின், கடிகாரத்தோடு ரத்தமட்டமும்

கிலோவுக்கு 15 மி.கி. வீதம் 270 மி.கி. முழுதாகக் கொடுத்தாயிற்று. அடுத்தது எப்போது? 24 மணி நேரத்தை 0.24-ஆல் வகுத்தால் 100 மணி நேரம் வருகிறது. நான்கு நாள் மருந்தில்லாமல் விட்டால் கிருமி மீண்டும் தலைதூக்கும். அதனால் இங்கே சூத்திரத்தைவிட ரத்தமட்டத்தை நம்புகிறோம்.

24 மணி நேரத்தில் ரத்தம் எடுத்ததில் மட்டம் லிட்டருக்கு 6 மி.கி. என்று வைத்துக்கொள்வோம். 5-க்குக் கீழே இறங்காமல் அடுத்த டோஸ் இல்லை, எனவே நிறுத்தி வையுங்கள். 12 மணி நேரம் கழித்து மறுபடி பார்க்கிறோம், 2 என்று வருகிறது. இப்போது மீண்டும் அதே 270 மி.கி. இந்தப் பையனுக்கு இடைவெளி 36 மணி நேரம் என்று ஆயிற்று. அடுத்த டோஸுக்கு முன்பும் மட்டம் பார்க்க வேண்டும்.

பலர் கவனிக்காத ஒன்று இதில் இருக்கிறது. கீழ்மட்டம் சரியாக இருந்தாலும், நூறு மணி நேரத்துக்கான மருந்தை 36 மணிக்கொரு முறை கொடுக்கிறோம். மொத்தத்தில் இந்தப் பையனின் செவி, இயல்பான குழந்தையின் செவியைப்போல் இரண்டரை மடங்குக்கும் மேல் மருந்தைத் தாங்குகிறது. ஆகவே நாள்களைச் சுருக்குங்கள். கல்ச்சர் முடிவு வந்து வேறு மருந்து கேட்கும் என்று தெரிந்த அன்றே மாற்றிவிடுங்கள். மட்டம் பார்க்கும் வசதியே இல்லாத இடத்தில் இந்தப் பையனுக்கு அமிகாசினைத் தொடங்காமல் வேறு மருந்தைத் தேடுவதுதான் சரி என்பது என் முடிவு.

படி 7: எழுதும்போது

"ஒருநாள் விட்டு ஒருநாள்" என்று எழுதாதீர்கள். 36 மணி இடைவெளியில் பகல் டோஸும் இரவு டோஸும் மாறிமாறி வரும், ஷிப்ட் மாறும்போது தவறும். அடுத்த டோஸின் தேதி, மணி இரண்டையும் எழுதி, "மட்டம் பார்த்த பிறகே" என்று பக்கத்தில் சேருங்கள். அளவை மி.கி.யிலும் மி.லி.யிலும் குறியுங்கள். டயாலிசிஸ் நடக்கும் குழந்தைக்கு இந்த இரண்டு மருந்துமே டயாலிசிஸில் வெளியேறும் என்பதால் அன்றைய டோஸை டயாலிசிஸுக்குப் பிறகு கொடுப்பதே முறை.

தவறு நடந்தால் எப்படித் தெரியும்?

லெவெடிரசெட்டம் மிஞ்சினால் குழந்தை தூங்கி வழியும், அல்லது காரணமில்லாமல் எரிந்து விழும். செஃபபைம் போன்ற மருந்தைக் குறைக்காமல் கொடுத்தால் இரண்டு மூன்று நாளில் குழந்தை குழம்பிப்போய் ஆளைத் தெரியாமல் விழிக்கும், கைகள் திடீர் திடீரென வெட்டி இழுக்கும். தொற்று மூளைக்குப் போய்விட்டது என்று எண்ணி மருந்தை இன்னும் கூட்டுவது இங்கே நடக்கும் பெரும்பிழை. சிறுநீரகம் தளர்ந்த குழந்தையின் நினைவு மாறினால் முதலில் மருந்துப் பட்டியலைப் பாருங்கள்.

அமிகாசின் செய்யும் கேடு அமைதியானது. உயர்ந்த ஒலிகள் முதலில் போகும், பேச்சு கேட்டுக்கொண்டே இருப்பதால் வீட்டில் யாருக்கும் தெரியாது. போன செவி திரும்பாது.

எதிர்த்திசையிலும் தவறு நடக்கும். திடீரெனப் பழுதான சிறுநீரகம் சில நாளில் தேறிவிட்டால், குறைத்த டோஸ் அப்படியே தொடர்ந்து தொற்று அடங்காமல் போகும். சிறுநீர் கூடும்போதும் கிரியாட்டினின் இறங்கும்போதும் கணக்கைத் திரும்பப் போடுங்கள்.

பெற்றோருக்கு

குழந்தையின் கடைசி கிரியாட்டினின், உயரம், எடை, தேதி நான்கையும் ஓர் அட்டையில் எழுதிக் கையோடு வைத்திருங்கள். சளிக்கோ பல்வலிக்கோ எந்தக் கிளினிக்குக்குப் போனாலும், மருந்து எழுதும் முன்பே அதை நீட்டுங்கள். காய்ச்சலுக்கு ஐபுப்ரோஃபென், மெஃபெனமிக் ஆசிட் கலந்த சிரப்புகளை மருந்துக்கடையில் கேட்டு வாங்காதீர்கள். இவை தளர்ந்த சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைப்பவை, இவற்றுக்கு டோஸைத் திருத்திக் கொடுப்பது என்பதே கிடையாது, தவிர்ப்பதுதான் வழி. எடைக்குத் தக்க அளவில் பாராசிட்டமால் போதும்.